வாசிச்சுக் காட்டணும்

எங்கள் முதல் உரை ஆறு பக்கம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிக் காலனி காலனியாகப் போய்ப் பேசுவது என்று முடிவெடுத்தபோது, நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து எழுதியது. எங்களில் ஒருவர் சட்டக் கல்லூரி மாணவர், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒருவர் சமூகவியல் படித்துவிட்டு களப்பணிக்கு வந்தவர். சட்டத்தின் அதிகாரபூர்வத் தமிழாக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்ற பயத்தோடு எழுதினோம். அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது:

"பாதிக்கப்பட்ட நபரால் அளிக்கப்படும் வாய்மொழித் தகவலானது காவல் நிலையப் பொறுப்பு அலுவலரால் எழுத்து வடிவில் பதிவு செய்யப்பட்டு, தகவல் அளித்தவருக்கு வாசித்துக் காண்பிக்கப்பட்ட பின்னரே அன்னாரது கையொப்பம் பெறப்பட வேண்டும்."

சட்டப்படி இதில் பிழை இல்லை. பிரிவு 4(2) சொல்வது இதைத்தான். வட மாவட்டக் காலனி ஒன்றில், மாரியம்மன் கோயில் திடலில், மைக் பிடித்து இதை வாசித்தோம். ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். முன்வரிசையில் ஒரு அக்கா, கழனி வேலை முடித்து அப்படியே வந்தவர், கடைசி வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிவில் "புரிஞ்சுதா?" என்று கேட்டோம். "புரிஞ்சுது" என்றார்கள் எல்லோரும். நாங்கள் நிறைவாக ஊர் திரும்பினோம்.

இரண்டு மாதம் கழித்து அந்த அக்காவிடமிருந்து போன் வந்தது. கூலி பாக்கியைக் கேட்கப் போனவரை நிலத்துக்காரர் டீக்கடை முன்னால் வைத்து சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறார். அக்கா அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் சொல்லியிருக்கிறார். அவர்கள் எழுதினார்கள், இவர் கையெழுத்துப் போட்டார், ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். "கேஸ் போட்டு மூணு வாரம் ஆச்சு. யாருமே விசாரிக்க வரலையே?" என்பதுதான் அவர் கேள்வி.

போய்ப் பார்த்தோம். கையில் இருந்தது எஃப்.ஐ.ஆர். இல்லை, சி.எஸ்.ஆர். மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான ரசீது. மூன்று வாரமாக வழக்கு என்ற ஒன்றே கிடையாது. ஸ்டேஷனில் எழுதிய மனுவின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. "கூலி கொடுப்பது தொடர்பாக ஏற்பட்ட வாய்த்தகராறில் ஆபாச வார்த்தைகளால் திட்டியதாக" என்று இருந்தது. சாதிப் பெயர் எங்குமே இல்லை. அது இல்லாவிட்டால் வன்கொடுமைச் சட்டம் உள்ளே வராது. அதிகம் போனால் ஆபாசமாகப் பேசியதற்கான சாதாரணப் பிரிவோடு முடிந்துவிடும்.

"அக்கா, எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டீங்களா? நாங்க அன்னைக்கு சொன்னோமே" என்றோம்.

அவர் எங்களைப் பார்த்தார். "நீங்க சொன்னீங்களா? எப்ப?"

எங்களுக்குப் பதில் இல்லை. மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பி, பின்தொடர்ந்து, ஒருவழியாக எஃப்.ஐ.ஆர். பதிவானது. அதற்குள் டீக்கடையில் இருந்த இரண்டு சாட்சிகளில் ஒருவர், நான் எதையும் பார்க்கவில்லை என்று ஒதுங்கிவிட்டார். அந்த மூன்று வாரத்தில் எங்கள் ஆறு பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. அக்காவின் புகாரில் இருந்த சாதிப் பெயரைப் போலீசின் எழுத்துத் தமிழ் விழுங்கியது. அதைத் தடுக்க அவருக்கு இருந்த உரிமையை எங்கள் எழுத்துத் தமிழ் விழுங்கியது.

பிறகுதான் உரையைப் பேச்சுத் தமிழுக்கு மாற்ற உட்கார்ந்தோம். அது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. எங்கே தவறினோம் என்பதைச் சொல்கிறோம். இதே வேலையில் இறங்கும் மாணவத் தோழர்களுக்கு அதுதான் பயன்படும்.

முதல் திருத்தத்தை எங்கள் மாணவத் தோழர் ஒரே இரவில் எழுதிவிட்டார். கேட்க இதமாக இருந்தது. மேலே சொன்ன வாக்கியம் இப்படி ஆகியிருந்தது: "நீங்க போய்ச் சொன்னீங்கன்னா அவங்க எழுதிக்குவாங்க. எழுதினதை உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவாங்க. அப்புறம் நீங்க கையெழுத்துப் போடலாம்."

இரண்டு கிராமத்தில் இதைப் பேசினோம். எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் மூன்றாவது கிராமத்தில் ஒரு இளைஞர் எழுந்து, "எங்க ஸ்டேஷன்ல அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க சார்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எங்கள் உரை அங்கேயே படுத்துவிட்டது. இரவு திரும்பி வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, அந்த இளைஞர் சொன்னது சரி. "வாசிச்சுக் காட்டுவாங்க" என்பது ஸ்டேஷனில் வழக்கமாக என்ன நடக்கிறது என்று சொல்லும் வாக்கியம். அது பொய் என்று ஊருக்கே தெரியும். பொய் சொல்பவர்களாக நாங்கள் அங்கே நின்றிருக்கிறோம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாசித்துக் காட்டியாக வேண்டும் என்கிறது. பேச்சுத் தமிழில் அதற்குத் தனிச் சொல் தேடிப்போக வேண்டியதில்லை, "ணும்" என்ற ஒரு விகுதி போதும். எழுதணும். வாசிக்கணும். கொடுக்கணும். "வாசிச்சுக் காட்டுவாங்க" என்றால் வாக்குறுதி. "வாசிச்சுக் காட்டலாம்" என்றால் அவர் விருப்பம். "வாசிச்சுக் காட்டணும்" என்றால் கடமை. அந்த இளைஞர் "செய்ய மாட்டாங்க" என்று சொன்னாலும் இந்த மூன்றாவது வாக்கியம் விழாது. "ஆமா, செய்ய மாட்டாங்க. ஆனா செய்யணும். செய்யலைன்னா என்ன பண்றதுன்னு அடுத்து சொல்றோம்" என்று தொடரலாம். கட்டாயத்தைச் சொல்லும் இந்த வினைமுடிவு இறுக்கமான உரையில் "வேண்டும்" என்று இருந்தது. நாங்கள் எளிமைப்படுத்துகிறோம் என்று நினைத்து அதைத்தான் முதலில் தூக்கி எறிந்திருக்கிறோம்.

பழைய உரையிலும் ஒரு கோளாறு இருந்தது. "பதிவு செய்யப்பட்டு", "காண்பிக்கப்பட்ட", "பெறப்பட" என்று எல்லாமே செயப்பாட்டு வினை. செய்ய வேண்டிய ஆள் வாக்கியத்தின் நடுவில் எங்கேயோ "அலுவலரால்" என்று ஒளிந்திருப்பார். புதிய உரையில் ஆளை முன்னால் கொண்டுவந்தோம். "இன்ஸ்பெக்டர் எழுதணும். எழுதினதை அவரே உங்களுக்கு வாசிச்சுக் காட்டணும், இல்லைன்னா ஆளை வச்சு வாசிக்கச் சொல்லணும். நீங்க கேட்டு, நீங்க சொன்னது அப்படியே இருக்குன்னா மட்டும் கையெழுத்துப் போடுங்க." யார், என்ன, எப்போது என்ற மூன்றும் இருந்தால் பேச்சு மொழி தானாகவே கெட்டியாக நிற்கிறது.

இதில் "ஐயா" என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். எங்கள் மக்கள் ஸ்டேஷனைப் பற்றிப் பேசும்போது "ஐயா எழுதித் தந்தார்" என்றுதான் சொல்வார்கள். அதையே உரையில் போட்டால் கடமை மறுபடியும் உதவியாக மாறிவிடுகிறது. "அவன்" என்றும் சொல்லக் கூடாது. கூட்டத்தில் கைதட்டு கிடைக்கும், ஆனால் அதே வாயோடு ஸ்டேஷனுக்குப் போகும் ஆளுக்கு ஆபத்து. "இன்ஸ்பெக்டர் எழுதணும்" என்பதில் மரியாதையும் இருக்கிறது, கெஞ்சலும் இல்லை.

இரண்டாவது தவறு கொஞ்சம் நுட்பமானது. பிரிவு 3(1)(எஸ்), பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். நாங்கள் இதை முதலில் "பொது இடத்துல திட்டினா" என்று எழுதினோம். சொல்ல எளிது, ஆனால் தவறு. பொது இடம் வேறு, பொதுமக்கள் பார்வையில் படும் இடம் வேறு. 2008-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை விளக்கியது. ஒருவரது வீட்டுக்கு வெளியே இருக்கும் புல்வெளி தனியார் இடம்தான். ஆனால் தெருவில் போகிறவர் அதைப் பார்க்க முடியும் என்றால் அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம்.

"பொது இடம்" என்று நாங்கள் சொன்னதைக் கேட்ட ஒரு அண்ணன், "அப்ப என் வீட்டு வாசல்ல வந்து திட்டினா கேஸ் ஆகாதா?" என்றார். வாசலில்தான் அதிகம் நடக்கிறது. களத்துமேட்டில் நடக்கிறது, வரப்பில் நடக்கிறது. இவை எதுவும் "பொது இடம்" இல்லை. ஒரு எளிய சொல்லால் அத்தனை இடத்தையும் சட்டத்துக்கு வெளியே தள்ளியிருக்கிறோம்.

அடுத்து "நாலு பேர் முன்னால" என்று மாற்றினோம். அழகான பேச்சு வழக்கு, கிட்டத்தட்டச் சரியான பொருளும்கூட. அதுவும் சிக்கியது. கூட்டம் முடிந்து ஒரு ஆயா வந்து, "எனக்கு ரெண்டு பேர்தான் இருந்தாங்க, இன்னும் ரெண்டு பேருக்கு எங்க போறது?" என்று கேட்டார். வீட்டுப் பேச்சில் "நாலு பேர்" என்றால் நாலு என்று யாரும் எண்ண மாட்டார்கள். அதையே மைக்கில், சட்டம் பேசும் ஆட்கள் சொன்னால் அது எண்ணாகிவிடுகிறது. இது எங்களுக்குப் பெரிய பாடம். மரபுத்தொடர் மேடை ஏறினால் பொருள் மாறும்.

கடைசியில் ஒரு சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு நாலு வாக்கியமாகச் சொன்னோம்: "இடம் யாரோடதுங்கறது கேள்வி இல்லை. உங்க வாசலா இருக்கலாம், அவர் களமா இருக்கலாம். அவர் திட்டினதை வெளியாளுங்க பார்க்கிற மாதிரி, கேட்கிற மாதிரி இருந்துச்சா, அதான் கேள்வி. வெளியாள்னா உங்க சொந்தக்காரங்களும் சிநேகிதங்களும் மட்டும் இல்லாம, வேற ஆளுங்க." இதோடு வரம்பையும் சொல்ல வேண்டியிருந்தது. நாலு சுவருக்குள், வெளியாள் யாருமே இல்லாதபோது பேசியது இந்தப் பிரிவில் வராது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கசப்பான சேதி. ஆனால் அதை மறைத்துவிட்டு ஒருவரை வழக்குப் போடவைத்து, அது தள்ளுபடியானால், அந்தக் காலனியில் எங்கள் பேச்சை மறுபடி யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த நாலு வாக்கியமும் பழைய வாக்கியத்தைவிட நீளம். இறுக்கமான தமிழில் ஒரு தொடர் தாங்கும் பொருளைப் பேச்சில் பல வாக்கியமாகப் பிரித்துத்தான் சொல்ல முடியும். அதனால் ஆறு பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் சொல்லவே முடியாது. நாங்கள் மூன்று விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்: ஸ்டேஷனில் என்ன எழுத வேண்டும், என்ன தாள் வாங்க வேண்டும், அவர்கள் மறுத்தால் எங்கே போக வேண்டும். மற்றதெல்லாம் கேள்வி வந்தால் மட்டும்.

மூன்றாவது தவறு வீராப்பு. பேச்சு மொழிக்கு வந்ததும் நாக்கு கொஞ்சம் நீண்டுவிடும். கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருடம் வரை சிறை என்று பிரிவு 4 சொல்கிறது. நாங்கள் இதை "எழுத மாட்டேன்னு சொன்னா இன்ஸ்பெக்டரையே உள்ள தள்ளலாம்" என்றோம். திடல் அதிர்ந்தது. ஆனால் அந்தப் பிரிவின் கீழ் ஒருவர் மீது குற்றம் சுமத்த, முதலில் நிர்வாக விசாரணை நடந்து அதன் பரிந்துரை வேண்டும். தவிர, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியருக்குத்தான் அது பொருந்தும். இதெல்லாம் தெரியாமல் ஒருவர் ஸ்டேஷனில் போய், "உன்ன உள்ள தள்ளிடுவேன்" என்று சொன்னால் முதலில் உள்ளே போவது அவராகத்தான் இருக்கும். அந்த வரியை எடுத்துவிட்டு நடக்கக்கூடியதைச் சொன்னோம்: "எழுத மாட்டேன்னு சொன்னா சண்டை போடாதீங்க. அதே புகாரைத் தாள்ல எழுதி எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்புங்க. விதி அஞ்சு அதைச் சொல்லுது. தபால் ரசீதை வச்சுக்குங்க." கைதட்டு குறைந்தது. கூட்டம் முடிந்ததும் எஸ்.பி. அலுவலக முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு போனவர்கள் அதிகமானார்கள்.

நான்காவது தவறைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்களில் ஒருவர் மக்களோடு நெருங்க வேண்டும் என்று அந்தப் பகுதியின் பேச்சு வழக்கை அப்படியே பேச முயன்றார். அவர் வேறு மாவட்டம். உச்சரிப்பு வரவில்லை. சினிமாவில் சேரிப் பேச்சு பேசிக்காட்டுவது போல இருந்தது. ஒரு அக்கா நேராகவே சொன்னார்: "தம்பி, நீ உன் பேச்சுல பேசு. எங்கள மாதிரி பேசிக் காட்டாத." அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம். அவரவர் வீட்டில் பேசும் தமிழைத்தான் மேடையிலும் பேச வேண்டும். உரைத் தாளில் ஒலியை எழுதி வைக்க வேண்டாம், வாக்கிய அமைப்பை மட்டும் எழுதினால் போதும். பேசுகிறவர் தன் வாய்க்கு ஏற்றபடி சொல்லிக்கொள்வார்.

அதே ஊரில் ஒரு தாத்தா வேறொன்றைச் சொன்னார். முதல் உரையையும் கேட்டவர் அவர். "போன தடவை நல்ல தமிழ்ல பேசுனீங்க. எனக்குப் பாதி புரியல, ஆனா நமக்காக ஒருத்தர் அப்படிப் பேசுறாங்கன்னு கௌரவமா இருந்துச்சு. இப்ப ஏன் கொறச்சிட்டீங்க?" என்றார். இதைச் சாதாரணமாகத் தள்ள முடியாது. ஊர்த்தெருச் சிறுவன்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட, அறுபது வயது வரை "வாடா, போடா" கேட்டவர் அவர். அவருக்குப் பேச்சு மொழி என்றாலே ஒருமை. எழுத்துத் தமிழில்தான் முதன்முறையாக "நீங்கள்" கிடைத்தது. அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியபோது புலமைத் தமிழில்தான் எழுதினார், வாதாடினார். பாமா 1992-இல் 'கருக்கு' நூலைப் பேச்சுத் தமிழில் எழுதினார். இரண்டுக்கும் நம் வரலாற்றில் காரணம் இருக்கிறது. ஒன்றை மட்டும் அசல் என்று நாங்கள் சொல்லத் தயாராக இல்லை.

தாத்தாவின் பேச்சுக்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். முதலாவது, எவ்வளவு பேச்சாக இருந்தாலும் "நீங்க", "வாங்க", "சொல்லுங்க" என்ற பன்மை ஒருபோதும் இறங்காது. சின்னப் பிள்ளைகளிடம் பேசும்போதும் அப்படியே. இரண்டாவது, சட்டத்தின் வரிகளில் ஒன்றே ஒன்றை மட்டும் முழு எழுத்துத் தமிழில், புத்தகத்தைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, நிறுத்தி வாசிக்கிறோம். முதலில் எங்கள் பேச்சில் சொல்லிவிட்டு, "இது நாங்க சொல்றது இல்லை, புத்தகத்துல எழுதியிருக்கு, வாசிக்கிறோம் கேளுங்க" என்று சொல்லி வாசிப்போம். அப்போது திடலில் சத்தம் அடங்கும். பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அந்த இறுக்கமான வாக்கியம் இப்போது புரிகிறது. "காண்பிக்கப்பட்ட" என்ற சொல் வரும்போது சிலர் தலையாட்டுகிறார்கள். முன்பு மரியாதைக்கு ஆட்டினார்கள், இப்போது அந்தச் சொல்லை அடையாளம் கண்டு ஆட்டுகிறார்கள்.

சில சொற்களை நாங்கள் மாற்றவே இல்லை. எஃப்.ஐ.ஆரை "முதல் தகவல் அறிக்கை" என்று நல்ல தமிழிலோ, "கேஸ் தாள்" என்று பேச்சிலோ சொல்லிப் பார்த்தோம். இரண்டும் உதவவில்லை. ஸ்டேஷனில் புழங்கும் சொல் எஃப்.ஐ.ஆர். அங்கே போய்க் கேட்க வேண்டியதும் அதுதான். அதேபோல் எங்கள் ஊர்களில் இன்றும் எல்லோரும் "பி.சி.ஆர். கேஸ்" என்றுதான் சொல்கிறார்கள். அது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயர். இப்போது நாம் பேசுவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மக்கள் வாயில் பழைய பெயர்தான் இருக்கிறது. அவர்களைத் திருத்தி வெட்கப்படுத்தாமல், "நீங்க பி.சி.ஆர்.னு சொல்ற கேஸ் இருக்கே, அதுக்கு இப்ப வன்கொடுமைச் சட்டம்னு பேரு. ஸ்டேஷன்ல இந்தப் பேரைச் சொல்லுங்க" என்று ஒரு தடவை இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு புதிய பெயரையே பயன்படுத்துகிறோம்.

சி.எஸ்.ஆர். – எஃப்.ஐ.ஆர். வித்தியாசத்தை வார்த்தையால் விளக்குவதை நிறுத்திவிட்டோம். இரண்டின் நகலையும், பெயர்களை மறைத்து, பெரிதாக்கி எடுத்துப் போகிறோம். "இதுல குற்ற எண்ணுன்னு ஒண்ணு இருக்கா? பக்கத்துல சட்டப் பிரிவு எழுதியிருக்கா? இருந்தா எஃப்.ஐ.ஆர். இல்லைன்னா வெறும் ரசீது. எஃப்.ஐ.ஆர். நகலை அப்பவே, காசு வாங்காம உங்க கையில கொடுக்கணும்." சாதிப் பெயர் சொல்லித் திட்டிய வழக்கில் நிவாரணத்தின் முதல் 25 சதவீதம் எஃப்.ஐ.ஆர். கட்டத்திலேயே தர வேண்டும் என்று 2016-இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. அடுத்த 50 சதவீதம் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போகும்போது. குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு. ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்தக் கணக்கு எதுவும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. தொகை எவ்வளவு என்பதை மட்டும் நாங்கள் வாயால் சொல்வதில்லை. அது அவ்வப்போது மாறும். பழைய தொகையைச் சொல்லி மாட்டிக்கொண்டால் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

இன்னொரு வழக்கத்தையும் விட்டோம். "புரிஞ்சுதா?" என்று இப்போது கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரே பதில்தான் உண்டு. அதற்குப் பதிலாக ஒருவரை அழைத்து, "நீங்க புகார் கொடுக்கப் போறீங்க, நான் எழுதுற ஏட்டு" என்று நடித்துப் பார்க்கிறோம். ஏட்டாக உட்காரும் நாங்கள் வேண்டுமென்றே "ஆபாச வார்த்தைகளால் திட்டி" என்று எழுதி, "கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டுவோம். அவர் என்ன செய்கிறார் என்று திடல் முழுவதும் பார்க்கும். அவர் பேனாவை எடுத்துவிட்டால் எங்கள் பேச்சில் ஓட்டை. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து திருத்துவோம். இப்படித்தான் உரை ஆறு பக்கத்திலிருந்து ஒன்றே கால் பக்கமாகியது. பேச எட்டு நிமிடம்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவின் வழக்கு இன்னும் சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கிறது. இப்போது பக்கத்து ஊர்க் கூட்டங்களுக்கு அவரும் எங்களோடு வருகிறார். அந்த இரண்டு தாள்களையும் பிடித்துக் காட்டும் பகுதியை அவர்தான் பேசுகிறார். எங்கள் உரையில் இல்லாத சொற்களில், எங்கள் வரிசையை மாற்றித்தான் பேசுகிறார். நாங்கள் பக்கத்தில் நின்று "ணும்" மட்டும் விழாமல் இருக்கிறதா என்று கவனிப்போம். விழுவதே இல்லை.

போன மாதம் ஒரு கூட்டத்தில் நடித்துக் காட்டும் நேரம். ஏட்டாக எங்கள் ஆசிரியர் உட்கார்ந்தார். புகார் கொடுப்பவராக வந்த பெண்ணிடம் தாளை நீட்டினார். அந்தப் பெண் பேனாவைக் கையில் வாங்கினார், திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், முதல்ல வாசிச்சுக் காட்டணும்."